‘கிராஸ்’ என்றால் குறுக்கா, மூலையா?

‘கிரெயின்லைன்’ என்பதை ‘தானியக் கோடு’ என்று மொழிபெயர்த்திருந்த தையல் பாடத்தாள் ஒன்றை ஒருமுறை பார்த்தேன். சிரிப்பு வந்தாலும் அதில் பாதி நியாயம் உண்டு. கிரெயின் என்ற சொல் லத்தீனில் தானியமணியைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததுதான். ஆனால் அது பின்னாளில் மரத்தில் நார் ஓடும் திசைக்கும், துணியில் நூல் ஓடும் திசைக்கும் பெயராகிவிட்டது.

தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டுவது பாவு, அதன் குறுக்கே ஓடுவது ஊடை. துணியின் கரைக்கு இணையாகப் பாவு போகும் திசையே கிரெயின்லைன். ‘பாவுவாக்கு’ என்றால் அது புரிந்துவிடும். கிராஸ் கிரெயின் என்பது ‘ஊடைவாக்கு’.

சிக்கல் பயஸில்தான், அதாவது பாவுக்கும் ஊடைக்கும் நடுவே சாய்வாகப் போகும் திசையில். பயஸ் என்ற பெயர் சாய்வைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது; ‘ஒருபக்கச் சார்பு’ என்ற பொருள் பிறகு கிளைத்தது. தையல்காரர்களோ பயஸைத்தான் ‘கிராஸ்’ என்கிறார்கள். கிராஸ் கட்டிங், கிராஸ் பீஸ் எல்லாமே 45 பாகைச் சாய்வு. அந்தப் பழக்கத்தில் ‘கிராஸ் கிரெயின்’ என்ற குறிப்பைப் படித்துச் சாய்வாக வெட்டினால் துணி வீண். அதனால் பயஸுக்கு ‘மூலைவாக்கு’ என்பதே என் தேர்வு.

மூன்றையும் ஒரே உடையில் பார்க்க வட்டப் பாவாடை போதும். இடுப்பு 66 செ.மீ. என்றால் நடுவட்டத்தின் ஆரம் சுமார் 10.5 செ.மீ.; அதிலிருந்து 60 செ.மீ. நீளம் அளந்து வெட்டுகிறோம். முன்நடுவைப் பாவுவாக்கில் வைத்தால் பின்நடுவும் பாவுவாக்கிலேயே தொங்கும். பக்கங்கள் இரண்டும் ஊடைவாக்கில் அமையும். இவற்றுக்கு நடுவே நான்கு இடங்கள் மூலைவாக்கு.

பாவு தறியில் விறைப்பாக நின்ற நூல், அதிகம் நீளாது. அந்த இடத்தில் பாவாடை நேராக விழும். ஊடை சற்றே இளகும். அந்த நான்கு இடங்களில் மட்டும் கதை வேறு. அங்கே நூல் நீளுவதில்லை. பாவும் ஊடையும் சேர்ந்த சிறு சதுரங்கள்தான் எடை தாங்காமல் சாய்சதுரங்களாகச் சரிகின்றன. துணி அகலத்தில் குறுகி நீளத்தில் இறங்குகிறது. மடிப்பு மெதுவாக, ஆழமாக விழுவதும் இதனால்தான். வட்டமாக இல்லாத பாவாடையை முழுவதும் மூலைவாக்கில் வெட்டினால் இடுப்போடு படிந்து, கீழே அலையாக விரிவதற்கும் இதே சரிவுதான் காரணம்.

மேசையில் சரியான வட்டமாக இருந்த விளிம்பு, உடுத்தியதும் நான்கு இடத்தில் தொங்கினால் வெட்டில் பிழை தேட வேண்டாம். தளர்ந்து விழும் ரேயானில் இந்த இறக்கம் நன்றாகத் தெரியும்; விறைப்பான பருத்தியில் அவ்வளவாகத் தெரியாது. இடுப்புப்பட்டி தைத்தபின் ஒரு நாள் தொங்கவிட்டு, உடுத்தியவரை நிற்க வைத்து, தரையிலிருந்து ஒரே உயரத்தில் சுற்றிலும் சாக்குக்கட்டியால் குறித்து வெட்டி, பிறகு விளிம்பை மடித்துத் தைக்கலாம். அப்படி வெட்டிய பாவாடையை மறுபடி மேசையில் விரித்தால் வட்டம் கோணலாகத் தெரியும். அதைத் திருத்தப் போகாதீர்கள்.