மீனுடன் தயிர், இரவில் தயிர்: எது நம்பிக்கை, எது காரணம்?

சளி பிடித்த பிள்ளைக்கு இரவில் தயிர்சோறு கொடுக்கலாமா, மீன் குழம்பு வைத்த நாளில் தயிர் ஊற்றிக்கொண்டால் வெண்புள்ளி வருமா என்ற கேள்விகள் உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களிடமிருந்து ஓயாமல் வருகின்றன. இரவில் தயிர் ஆகாது என்பதும் மீனோடு பால் ஆகாது என்பதும் பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை காலத்திலேயே சொல்லப்பட்டவை. ஆகவே இவற்றை வெறும் பேச்சென்று தள்ளாமல், ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்ப்பதே முறை.

இரவுத் தயிரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சளியை உண்டாக்குவது வைரஸ் கிருமி. பால் பொருட்கள் எச்சிலோடு கலந்து தொண்டையில் கொழகொழப்பான உணர்வைத் தந்தாலும், சளி சுரப்பதை அவை கூட்டுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் மட்டும், தயிரோ வேறெதுவோ, படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடிப்பது நல்லது.

வெண்புள்ளி என்பது உடலின் எதிர்ப்பாற்றல், தோலுக்கு நிறம் தரும் செல்களையே தாக்கி அழிப்பதால் வருவது. அதற்கும் உணவுச் சேர்க்கைக்கும் தொடர்பு இல்லை. வங்காளத்தில் தயிரில் வேகவைத்த மீனைத் தலைமுறை தலைமுறையாக விருந்தில் பரிமாறுகிறார்கள்.

ஆனாலும் மீனும் தயிரும் சாப்பிட்ட பிறகு உடம்பு சிவந்து அரித்தது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. என்னிடம் வந்த ஒரு குடும்பத்தில், மதியம் சூரைமீன் குழம்பும் கடைசியில் தயிர்சோறும் சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் மூவருக்கு முகமும் கழுத்தும் சிவந்து, தலைவலியும் படபடப்பும் வந்தன. விசாரித்தபோது, அந்த மூவரில் ஒருவர் தயிரைத் தொடவே இல்லை. தயிர்சோறு மட்டும் சாப்பிட்ட பாட்டிக்கோ ஒன்றும் ஆகவில்லை. மீன், ஐஸ் இல்லாத கூடையில் காலையிலிருந்து வெயிலில் இருந்தது; வாயில் வைத்ததும் மிளகுபோல் சுருக்கென்றது என்றும் ஒருவர் நினைவுகூர்ந்தார்.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. பிடித்த உடனே ஐஸில் வைக்காவிட்டால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒவ்வாமையின்போது நம் உடலே வெளியிடும் அதே பொருள் இது. ஒருமுறை உருவான ஹிஸ்டமின் குழம்பில் எவ்வளவு கொதித்தாலும், பொரித்தாலும், ஃப்ரீசரில் வைத்தாலும் அழியாது. மீன் பார்வைக்கும் வாசனைக்கும் நன்றாகவே தோன்றலாம். ஆகையால் ஐஸில் புதைத்து விற்கிறவரிடம் வாங்கி, வீட்டுக்கு வந்ததும் கழுவிக் குளிர்பெட்டியில் வைப்பதே தடுப்பு.

ஹிஸ்டமினால் வரும் இந்த நஞ்சேற்றம் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தணிந்துவிடும். ஒவ்வாமை மாத்திரையை மருத்துவர் தருவார். ஒரே மீனைச் சாப்பிட்ட பலருக்கும் வந்தால் மீன் கெட்டது என்று கொள்ளலாம். எந்த மீனைச் சாப்பிட்டாலும் ஒருவருக்கு மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் அது மீன் ஒவ்வாமையாக இருக்கலாம். அவர் தயிரை விலக்கிவிட்டு மீனைத் தொடர்வது ஆபத்து. உதடு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ, காரணத்தை ஆராய்ந்துகொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.