தட்டை மாற்றி நிறுத்தால் சரியான எடை

மண்டபம் பக்கம் ஒரு கருவாட்டுக் கடை என்று வைத்துக்கொள்வோம். கடையில் தொங்குவது பழைய தராசு. தட்டுகள் காலியாக இருக்கும்போது முள் நடுவில் நிற்கிறது. அதை வைத்தே தராசு சரி என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். அது போதாது.

உப்புக்காற்றில் துருவேறி, நடுத்துளை ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கலாம். அப்போது ஒரு கை நீண்டுவிடும், மறு கை குறுகிவிடும். குட்டைக் கையின் தட்டோ சங்கிலியோ கொஞ்சம் கனமாக இருந்தால், வெறும் தராசு மட்டமாகவே நிற்கும். சரக்கை வைத்த பிறகுதான் கோளாறு வேலை செய்யத் தொடங்கும்.

இடக்கை 20 செ.மீ., வலக்கை 21 செ.மீ. என்போம். நெத்திலிக் கருவாட்டை இடத்தட்டில் வைத்தால், வலத்தட்டில் 4 கிலோ கல்லுக்கே மட்டம் நிற்கிறது. அப்புறம் கருவாட்டை வலத்தட்டுக்கும் கல்லை இடத்தட்டுக்கும் மாற்றினால் 4 கிலோ 410 கிராம் கேட்கிறது. அதே கருவாடு, இரண்டு எடை.

தராசு ஒப்பிடுவது எடையை மட்டும் அல்ல. எடையைக் கையின் நீளத்தால் பெருக்கி வருவதை. முதல் முறை நீளக் கை கல்லுக்கு உதவியது, இரண்டாவது முறை அதே விகிதத்தில் சரக்குக்கு உதவியது. அதனால் இரண்டு எடைகளையும் பெருக்கினால் கை நீளங்கள் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது உண்மை எடையின் வர்க்கம். 4 × 4.41 = 17.64, அதன் வர்க்கமூலம் 4.2. கருவாடு 4 கிலோ 200 கிராம். கையின் நீளத்தை அளக்கவே தேவையில்லை என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது.

இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 4.205 வரும், 5 கிராம் கூடுதல். சந்தைக்கு அது பரவாயில்லை. ஆனால் கைகள் 20, 24 என்று கெட்டிருந்தால் அதே சரக்குக்குச் சராசரி 70 கிராம் அதிகம் காட்டும். சராசரி தவறினால் எப்போதும் கூடுதலாகத்தான் தவறும்.

இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. காலித் தராசு மட்டமாக நிற்க வேண்டும். தட்டில் மீன்செதிலும் உப்பும் ஒட்டியிருந்தால் முதலில் கழுவ வேண்டும். அப்படியும் சாய்ந்தால், உயர்ந்த தட்டில் சிறு கல்லைக் கட்டி மட்டமாக்கிவிட்டு நிறுக்கலாம்.

வர்க்கமூலம் வேண்டாம் என்றால் இன்னொரு வழி: சரக்கை ஒரு தட்டில் வைத்து, எதிர்த்தட்டில் மணலைக் கொட்டி மட்டமாக்குங்கள். மணலைத் தொடாமல் சரக்கை எடுத்துவிட்டு, அதே இடத்தில் எடைக்கல்லை வைத்து மட்டமாக்குங்கள். அந்தக் கல்தான் எடை. கைகள் எப்படி இருந்தாலும் கவலையில்லை.

எடைக்கல்லே குறைந்திருந்தால் இரண்டு வழியும் அதைக் காட்டிக்கொடுக்காது. கல்லைச் சோதிக்க, மணலை அப்படியே விட்டு, அந்தக் கல் இருந்த தட்டில் முத்திரை போட்ட அதே அளவுக் கல்லை வைத்துப் பார்க்க வேண்டும்.