இரண்டாவது டேக்கில் சிரிப்பு எங்கே போகிறது?

பார்வையாளர்களை எதிரே உட்கார வைத்து எடுக்கும் சிட்காமுக்கு வார்ம்-அப் செய்ய, அதாவது டேக்குகளுக்கு நடுவில் பார்வையாளர்களின் உற்சாகம் குறையாமல் பேசிக்கொண்டிருக்க, வரும் தம்பி, தங்கைகள் பலரும் அதை ஸ்டாண்ட்-அப் மேடை என்றே நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அமெரிக்காவில் 22 நிமிட எபிசோட் ஒன்றை எடுக்க மூன்று நான்கு மணி நேரம் ஆகிவிடும், ஒவ்வொரு காட்சியையும் குறைந்தது இரண்டு முறை எடுப்பார்கள், நடுவில் செட் மாறும், உடை மாறும், சிரிப்பு வராத வசனத்தை எழுத்தாளர்கள் அங்கேயே மாற்றுவார்கள். அந்த இடைவெளி முழுக்க மைக் நம் கையில். ஆனால் பார்வையாளர்களின் தலைக்கு மேல் தொங்கும் மைக்குகளில் பதிவாக வேண்டியது காட்சிக்கான சிரிப்பு, நமக்கான சிரிப்பு இல்லை.

பெரம்பூர் பக்கம் ஒரு ஹாலில் நடந்த பதிவைச் சொல்கிறேன். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மாமா மீன் குழம்புச் சட்டியைத் தவறவிடும் காட்சி. முதல் டேக்கில் ஹாலே அதிர்ந்தது. கேமரா கோணம் சரியில்லை என்று மறுபடி எடுக்க வேண்டியதாகிவிட்டது, தரையைத் துடைத்துப் புதுச் சட்டி வைக்க இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் என்னிடம் இருந்த நல்ல ஜோக்குகளை எல்லாம் கொட்டினேன். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அடுத்த டேக்கில் சட்டி உடைந்தபோது வந்தது வெறும் கைதட்டல். என்ன நடக்கும் என்று ஏற்கெனவே தெரிந்தவர்களை நான் வேறு களைப்பாக்கி வைத்திருந்தேன்.

மூன்றாவது டேக்குக்கு முன்னால் ஜோக்கே சொல்லவில்லை. காசிமேட்டிலிருந்து வந்த ஒரு அக்காவிடம் மைக்கைக் கொடுத்து, நல்ல வஞ்சிரம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். செவுள் நிறத்தை அவர் விளக்க, வியாசர்பாடியிலிருந்து வந்த கால்பந்துப் பையன்கள் ஊடே புகுந்து பேச, சிரிப்பு அணையாமல் சிறு தீயில் இருந்தது. ஃப்ளோர் மேனேஜர் கை உயர்த்தியதும் பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டு ஒன்றே ஒன்று சொன்னேன்: "மாமா கதவுக்குப் பின்னாடி இருக்கார், அத்தைக்கு இன்னும் தெரியாது." கதையில் விட்ட இடத்தை இப்படி நினைவுபடுத்துவது எந்த ஜோக்கையும்விட வேலை செய்யும், ஏனென்றால் அத்தையோடு சேர்ந்து அவர்களும் மறுபடி காத்திருக்க ஆரம்பிக்கிறார்கள்.

அப்புறம் விசில். நம் ஏரியாவில் சந்தோஷம் வந்தால் விசில் பறக்கும், அது இயல்பு, ஆனால் அது அடுத்த வசனத்தின் மேல் ஏறிவிட்டால் பிரித்தெடுக்க முடியாது, அந்த டேக்கை இன்னொரு டேக்கோடு ஒட்டவும் முடியாது. அதனால் தொடக்கத்திலேயே காரணத்தோடு சொல்லிவிடுகிறேன்: டேக்கில் சிரிப்பும் கைதட்டலும் மட்டும், விசிலை நடிகர்கள் கடைசியில் வந்து வணங்கும்போது அடியுங்கள். அன்று மூன்று மணி நேரம் அடக்கி வைத்திருந்த அந்தப் பையன்கள் கடைசியில் அடித்த விசிலில் மாமாவாக நடித்தவர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.