அடுத்தநிலைத் தர்க்கமா, அடுத்தநிலைச் சுற்றா?

மின்னணுச் சுற்றுகளை விவரித்து எழுதும் மொழியான விஎச்டிஎல் பற்றித் தமிழில் வரும் பாடக் குறிப்புகளில், next-state logic என்பதற்கு "அடுத்த நிலை தர்க்கம்" என்ற தொடரைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. சிக்னல் விளக்கைக் கட்டுப்படுத்தும் நிலைப்பொறியை எழுதச் சொல்லித் தருகிற இடத்தில், அந்தப் பெயரே மாணவரைத் திசைதிருப்பிவிடுகிறது.

முதலில் நிலைப்பொறி. எண்ணிக்கையில் அடங்கும் நிலைகளைக் கொண்டது என்பதால், கணிதத்தில் முடிவுறு கணம் என்பதைப் போல இதுவும் முடிவுறு நிலைப்பொறி. இதைச் சிலர் "முடிவு நிலை இயந்திரம்" என்று எழுதுகிறார்கள். அது இறுதி நிலை என்று பொருள்பட்டுவிடும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சுற்றிக்கொண்டே இருக்கும் சிக்னலுக்கு இறுதி நிலை ஏது? சரி, அது சிறிய பிழை. பெரிய பிழை தர்க்கம்தான்.

லாஜிக் என்பது கிரேக்க லோகோஸிலிருந்து வந்தது. பேச்சு, காரணம் காட்டுதல் என்று பொருள். தர்க்கம் வடமொழி, தமிழில் அளவை என்றும் ஏரணம் என்றும் சொல்வார்கள். இவை எல்லாமே வாதத்தைக் குறிப்பவை. ஆனால் 1937இல் கிளாட் ஷானன் தன் முதுகலை ஆய்வேட்டில், ரிலே சுற்றுகளைப் பூலியன் இயற்கணிதத்தால் எழுதலாம் என்று காட்டினார். அந்த வழியில் வந்த பொறியாளர்களுக்கு லாஜிக் என்றால் வாதம் அல்ல. கேட் எனப்படும் கதவுகளும் கம்பிகளும் கொண்ட சுற்று. மூலச்சொல்லின் பொருள் அங்கே நகர்ந்துவிட்டது. நாம் அகராதியைத் திறந்து பழைய பொருளையே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறோம். ஏரணம் என்று தூய தமிழில் சொன்னாலும் இந்தக் கோளாறு தீராது.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். நிலைப்பொறியை இரண்டு பகுதியாக எழுதும் முறையில், ஒரு பகுதி கடிகாரத் துடிப்பில் நிலையை நினைவில் வைக்கும் ரெஜிஸ்டர். மற்றொன்று, இப்போதைய நிலையையும் உள்ளீடுகளையும் பார்த்து அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்லும் சுற்று. பாடக் குறிப்புகள் தர்க்கம் என்று சொல்வது இதைத்தான். இதற்கு நினைவு கிடையாது. பிரதான சாலையின் மஞ்சளை மட்டும் எடுத்துக்கொள்வோம்:

```vhdl
when MAIN_YELLOW =>
  if timer_done = '1' then
    next_state <= SIDE_GREEN;
  end if;
```

தர்க்கம் என்று படித்தவருக்கு இதில் குறையே தெரியாது. நேரம் முடிந்தால் மாறு. முடியாவிட்டால் சொல்ல ஒன்றுமில்லை. வாதத்தில் ஒன்றைச் சொல்லாமல் விடலாம். கம்பியில் விட முடியாது. அதில் எப்போதும் ஏதோ ஒரு மதிப்பு இருந்தே ஆக வேண்டும். `timer_done` சுழியாக இருக்கும்போது மதிப்பு எதுவும் தரப்படாததால், முந்தைய மதிப்பைப் பிடித்து வைக்க ஒரு லாட்ச் தேவை என்று, நிரலைச் சுற்றாக மாற்றும் தொகுப்பு மென்பொருள் முடிவு செய்துவிடும். நினைவே இருக்கக் கூடாத சுற்றுக்குள் நினைவு புகுந்துவிடும்.

கணினியில் ஒப்புருவாக்கம் ஓட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். உண்மையான சுற்றுப் பலகையில்தான் கோளாறு. மஞ்சளுக்கு 5 வினாடி, வினாடிக்கு ஒரு துடிப்பு, துடிப்புகளை எண்ணும் எண்ணி என்ற சுற்று 1 முதல் 5 வரை போகிறது, 5 வந்ததும் `timer_done` உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். எண்ணி 3இலிருந்து 4க்கு, அதாவது 011இலிருந்து 100க்கு மாறும்போது மூன்று பிட்களும் ஒரே கணத்தில் மாறுவதில்லை. கடைசி பிட் சற்றுப் பிந்தினால் நடுவே 101, அதாவது 5, கணப்பொழுது தோன்றலாம். லாட்ச் இல்லையென்றால் அடுத்த துடிப்புக்குள் அது அடங்கிவிடும், பாதகமில்லை. லாட்ச் இருந்தால் அந்தக் கண நேரத் தவறை `SIDE_GREEN` என்று பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்த துடிப்பிலேயே நிலை மாறிவிடும். 5 வினாடி மஞ்சள் 4 வினாடியில் முடிந்துவிடும். அதுவும் எப்போதாவதுதான் நேரும் என்பதால் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

சுற்று என்று பழகியவர், "நிபந்தனை பொய்யானால் இந்தக் கம்பியில் என்ன இருக்கும்?" என்று தானாகவே கேட்பார். விடை, `case`க்கு முன்னால் ஒரே வரி:

```vhdl
next_state <= state;
```

வேறு எதுவும் சொல்லாவிட்டால் இருந்த நிலையிலேயே இரு என்று பொருள். அப்புறம் தொகுப்பு அறிக்கையில் "inferring latch" என்ற எச்சரிக்கை இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். இருந்தால் ஏதோ ஒரு கிளையில் கம்பிக்கு மதிப்பு தராமல் விட்டிருக்கிறோம்.

சுற்று என்றால் ரெஜிஸ்டரும் அதில் அடங்கிவிடுமே என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. நியாயம்தான். குழப்பம் வரும் இடத்தில் "நினைவிலாச் சுற்று" என்று அடைமொழி சேர்த்தால் போதும். மொழிபெயர்ப்பவர்கள் சொல்லைப் பார்க்கிறார்களே தவிர, அந்தச் சொல் பலகையில் எந்தப் பகுதியைக் குறிக்கிறது என்று பார்ப்பதில்லை. அதனால்தான் நினைவு உள்ளதற்கும் இல்லாததற்கும் ஒரே மாதிரிப் பெயர்கள் வந்து சேர்கின்றன.

இரண்டையும் பிரிக்காமல் முழுப் பொறியையும் துடிப்புக்குக் கட்டுப்பட்ட ஒரே பகுதியில் எழுதுபவருக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே மதிப்பு தராமல் விட்டால், பிடித்து வைப்பது ரெஜிஸ்டர்தான்.