பேண்டு கிடைக்கவில்லையா? வீட்டில் இருக்கும் பழைய போனைப் பாருங்கள்

உடற்பயிற்சி பேண்டுகளோடு பேசும் ஆப் எழுதுவது என் தொழில். பெரம்பூரில் வீடு. அதனால் அக்கம்பக்கத்தில் யாருடைய பேண்டு மக்கர் செய்தாலும் அது என்னிடம்தான் வரும். வருபவர்கள் பெரும்பாலும் பேண்டையே குறை சொல்வார்கள். எடுத்துப் பார்த்தால் கோளாறு பெரும்பாலும் போனில்தான் இருக்கும்.

ராயபுரத்தில் இருந்து துறைமுக வேலைக்குப் போகும் அண்ணன் ஒருவர் புது போன் வாங்கியிருந்தார். "வீட்ல தேடுனா பேண்டு காட்டவே மாட்டேங்குது தம்பி, ஹார்பருக்குப் போனா உடனே காட்டுது" என்றார். அவர் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. இடத்துக்கு இடம் மாறுகிறது என்றால் பேண்டு பழுதில்லை. வீட்டில் வேறு ஏதோ அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

பேண்டு யாரோடும் இணையாமல் சும்மா இருக்கும்போது, "நான் இங்கே இருக்கிறேன்" என்று சிறு சிறு ரேடியோ அறிவிப்புகளை விட்டுக்கொண்டே இருக்கும். ஆப் தேடும்போது கேட்பது அந்த அறிவிப்பைத்தான். ஏதாவது ஒரு போனோடு இணைந்துவிட்டால் பெரும்பாலான பேண்டுகள் அறிவிப்பை நிறுத்திவிடும். அதன்பிறகு பக்கத்திலேயே வைத்துத் தேடினாலும் இன்னொரு போனுக்கு அது தெரியாது.

அண்ணன் தன் பழைய போனை மகளுக்குப் பாடம் படிக்கக் கொடுத்திருந்தார். ஆப் அதில் அப்படியே இருந்தது, புளூடூத்தும் ஆனில் இருந்தது. அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் பழைய போன் தானாகவே பேண்டைப் பிடித்துக்கொண்டது. அந்தப் போனில் புளூடூத்தை அணைக்கச் சொன்னேன். சில நொடிகளில் புது போனின் பட்டியலில் பேண்டு வந்துவிட்டது. உங்கள் வீட்டிலும் முதலில் இதைச் செய்து பாருங்கள். டேப்லெட் இருந்தால் அதையும் சேர்த்து அணையுங்கள்.

பட்டியலில் வந்துவிட்டது, ஆனால் இணைப்பு நிற்கவில்லை. இணையும், ஓரிரு நொடியில் அறுந்துவிடும், மறுபடி இணையும், மறுபடி அறுபடும். கேட்டால், யாரோ கடைக்காரர் பேண்டை ரீசெட் செய்து கொடுத்தாராம். முதல்முறை பேரிங் செய்யும்போது போனும் பேண்டும் ஒரு ரகசியச் சாவியை ஆளுக்கொன்றாகச் சேமித்து வைத்துக்கொள்கின்றன. ரீசெட் செய்ததும் பேண்டில் இருந்த சாவி அழிந்துவிட்டது. புது போனில் பழைய சாவி அப்படியே இருந்ததால் இரண்டும் பொருந்தவில்லை. இதற்கு மறுபடி ரீசெட் செய்வதால் பயன் இல்லை. போனின் புளூடூத் செட்டிங்ஸில் அந்தப் பேண்டின் பெயரைத் தொட்டு 'Forget' கொடுக்க வேண்டும். அப்புறம் செட்டிங்ஸில் இருந்து இணைக்காமல், ஆப்பைத் திறந்து அதன் வழியாகவே புதிதாகச் சேர்க்க வேண்டும். அண்ணனுக்கு அதோடு சரியாகிவிட்டது. பழைய போனிலும் 'Forget' கொடுத்து ஆப்பை நீக்கிவிட்டோம்.

ஆப் எழுதுபவர்கள் இந்த இடத்தில் யூகிக்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு லாக்கில் இப்படி ஒரு வரி வரும்:

```
onClientConnectionState() - status=8
```

8 என்றால் மறுமுனையில் இருந்து குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை. தூரமோ தடையோ காரணமாக இருக்கலாம், பேண்டில் சார்ஜ் தீர்ந்தும் போயிருக்கலாம். 19 வந்தால் பேண்டே இணைப்பைத் துண்டித்திருக்கிறது. 133 பொதுவான பிழை எண். பழைய இணைப்பை `close()` செய்யாமல் மறுபடி மறுபடி இணைக்க முயன்றால் இது அடிக்கடி தலைகாட்டும். அறுந்தவுடன் மூடிவிட்டு, சற்று இடைவெளி விட்டு முயலுங்கள். விடாமல் தேடவும் கூடாது. 30 நொடிக்குள் 5 முறைக்கு மேல் ஸ்கேன் தொடங்கினால் ஆண்ட்ராய்டு முடிவுகளைத் தராமல் நிறுத்திவிடும். பல சமயம் பிழைச்செய்தியும் கண்ணில் படாது என்பதால் பேண்டுதான் இல்லை என்று நினைத்துக்கொள்வோம்.

சரி, காலையில் நடக்கப் போகும்போது நடுவில் அறுந்துபோகிறதே, அது? இதில் இரண்டு வகை உண்டு. இடது கையில் பேண்டு, வலது பின் பாக்கெட்டில் போன் என்றால் நடுவில் இருப்பது உங்கள் உடம்பு. புளூடூத் வேலை செய்யும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பில் உள்ள நீர் நன்றாக உறிஞ்சிவிடும். சுவர் ஏதும் இல்லாத திறந்தவெளியில் எதிரொலித்து வரும் அலையும் குறைவு. அதனால் சில நொடிகள் அறுந்து தானாகத் திரும்ப வரும். போனை பேண்டு இருக்கும் பக்கம் மாற்றி வைத்தாலே தெரிந்துவிடும்.

இன்னொரு வகை, திரை அணைந்து சிறிது நேரம் கழித்து இதயத்துடிப்புப் பதிவு நின்றுபோவது. ஆப்பைத் திறந்ததும் மறுபடி ஓடத் தொடங்கும். அப்படியென்றால் பேட்டரி மிச்சம் பிடிக்கப் போன்தான் ஆப்பைத் தூங்க வைத்திருக்கிறது. ஆப்பின் தகவல் பக்கத்தில் பேட்டரி பகுதிக்குப் போய் 'Unrestricted' என்று மாற்றுங்கள். சில போன்களில் 'Autostart' என்று தனியாக ஒன்று இருக்கும், அதையும் ஆன் செய்ய வேண்டும். போன் மென்பொருள் அப்டேட் ஆன பிறகு இவை பழையபடி மாறிவிடுவதும் உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பேண்டு ஒரு நாள் திடீரென்று இப்படி நின்றால் நான் முதலில் திறந்து பார்ப்பது இந்தப் பக்கத்தைத்தான்.