பட்டியலில் சிவப்பு, வரைபடத்தில் பச்சை: எது பொய்?

காட்பாடியில் பங்குத் தரகு அலுவலகம் நடத்துகிறேன். புதிதாகக் கணக்குத் தொடங்கியவர்கள் முதல் மாதத்திலேயே கைபேசியை நீட்டிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், பட்டியலில் இந்தப் பங்கு சிவப்பில் இருக்கிறது. தொட்டு உள்ளே போனால் இன்றைய மெழுகுவர்த்தி பச்சையாக இருக்கிறது. இரண்டில் எது பொய்?"

இரண்டும் உண்மைதான். பட்டியல், இன்றைய விலையை நேற்றைய முடிவு விலையோடு ஒப்பிடுகிறது. மெழுகுவர்த்தி என்பது ஒரு நாளின் தொடக்கம், அதிகபட்சம், குறைந்தபட்சம், முடிவு என்ற நான்கு விலைகளையும் சேர்த்துக் காட்டும் வரைபட உருவம். அது இன்றைய முடிவு விலையை இன்றைய தொடக்க விலையோடு மட்டும் ஒப்பிட்டு நிறம் பெறுகிறது. நேற்று என்ன நடந்தது என்பதைப் பற்றி அதன் நிறத்துக்குக் கவலையே இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் 'மூன்று நாள் பச்சை, வாங்கலாம்' என்று முடிவெடுப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். மூன்று நாளும் பச்சையாக இருந்து, மூன்று நாளும் விலை இறங்கியிருக்கலாம்.

நமது பகுதியில் பலருக்கு நினைவிருக்கும் ஒரு நாளையே எடுத்துக்கொள்வோம். 2025 ஜூலை 30 அன்று மாலை, இந்தியப் பொருள்கள் மீது 25 சதவீத வரி விதிக்கப்போவதாக அமெரிக்க அதிபர் டிரம்ப் அறிவித்தார். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளில் அன்று இரவு வேறு பேச்சே இருந்திருக்காது. ஆனால் பங்குச் சந்தை பிற்பகல் 3.30 மணிக்கே முடிந்துவிட்டது. நிஃப்டி குறியீட்டெண் அன்று சுமார் 24,855 புள்ளிகளில் முடிந்திருந்தது. செய்திக்குச் சந்தை பதில் சொல்ல மறுநாள் காலைவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மறுநாள் ஜூலை 31 காலை நிஃப்டி சுமார் 24,640 புள்ளிகளில்தான் தொடங்கியது. முந்தைய நாள் முடிவைவிட இருநூறுக்கும் மேற்பட்ட புள்ளிகள் கீழே. நாளின் குறைந்தபட்சமும் ஏறக்குறைய அதே இடம்தான். பகலில் வாங்குபவர்கள் வந்தார்கள், குறியீட்டெண் 24,950-ஐத் தாண்டியது. அங்கே நிற்கவில்லை, மாலையில் 24,768 அளவில் முடிந்தது. முந்தைய நாளோடு பார்த்தால் 87 புள்ளிகள் நஷ்டம். மறுநாள் செய்தித்தாள்களுக்கு அது சரிவு நாள். வரைபடத்திலோ அது பச்சை மெழுகுவர்த்தி, ஏனென்றால் தொடங்கிய இடத்தைவிட முடிந்த இடம் ஏறக்குறைய 130 புள்ளிகள் மேலே இருந்தது.

அந்த ஒரு நாளின் மெழுகுவர்த்தியைத் தாளில் வரைந்து பாருங்கள். 24,640-க்கும் 24,768-க்கும் இடைப்பட்ட பகுதி தடித்த உடல். முடிவு மேலே இருப்பதால் பச்சை. உடலின் உச்சியிலிருந்து 24,950 வரை ஒரு நீண்ட மெல்லிய கோடு, அதுதான் மேல் திரி. கீழ்த் திரி இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டிய அளவுக்குச் சிறியது. திரி உடலைவிட நீளம். அதாவது, காலையில் பயந்து தொடங்கிய சந்தை பகலில் நன்றாக மீண்டது. ஆனால் மீண்டதில் பாதிக்கும் மேற்பட்டதை மாலைக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டது. இத்தனையும் அந்த ஒற்றை உருவத்தில் இருக்கிறது, நிறத்தை மட்டும் பார்ப்பவருக்குத் தெரியாது. முந்தைய நாள் மெழுகுவர்த்திக்கும் இதற்கும் நடுவே விழுந்த இடைவெளியையும் சேர்த்துப் பார்த்தால்தான் பட்டியல் ஏன் சிவப்பாக இருந்தது என்பது விளங்கும்.

இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது? வழக்கமான வர்த்தகம் காலை 9.15-க்குத் தொடங்குகிறது. அதற்கு முன் 9 மணியிலிருந்து ஒரு முன்திறப்பு அமர்வு நடக்கிறது. வாங்க விரும்புவோர், விற்க விரும்புவோர் எல்லாரும் தங்கள் விலையைக் கொடுக்கிறார்கள். அதிகப் பங்குகள் கைமாறக்கூடிய ஒரே விலையைச் சந்தை கணக்கிட்டு, அதையே தொடக்க விலையாக வைக்கிறது. இரவில் வந்த செய்தி, அமெரிக்கச் சந்தையின் போக்கு எல்லாம் இந்தச் சில நிமிடங்களில் விலைக்குள் ஏறிவிடுகின்றன. அதனால்தான் நேற்று முடிந்த இடத்திலேயே இன்று தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் எந்தப் பங்குக்கும் இல்லை.

நிறக் குழப்பத்துக்கு ஒரு வழி வரைபடச் செயலிகளிலேயே இருக்கிறது. பலவற்றில் Hollow candles என்றொரு வகை உண்டு. அதில் நிறம் நேற்றைய முடிவோடு ஒப்பிட்டு வரும். உடல் வெற்றாக இருந்தால் இன்றைய தொடக்கத்தைவிட மேலே முடிந்தது, நிரம்பியிருந்தால் கீழே முடிந்தது என்று பொருள். ஜூலை 31 அதில் சிவப்பு விளிம்புள்ள வெற்று உடலாகத் தெரியும். இரண்டு செய்தியும் ஒரே உருவத்தில். என்னிடம் வருபவர்களுக்கு முதலில் இதையே மாற்றி வைத்துக் கொடுக்கிறேன்.

அடுத்த சிக்கல் முடிவு விலை. நான்கு விலைகளில் மற்ற மூன்றைவிட இதில்தான் மனத்தாங்கல் அதிகம். சத்துவாச்சாரியைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் மாலை நான்கரை மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, 3.30 மணிக்கு நான் என் கண்ணால் பார்த்தேன், பச்சையாக இருந்தது. இப்போது சிவப்பாக மாறியிருக்கிறது. சந்தை மூடிய பிறகு யார் மாற்றினார்கள்?"

யாரும் திருட்டுத்தனமாக மாற்றவில்லை. நமது சந்தைகளில் பல ஆண்டுகளாக உள்ள முறைப்படி, ஒரு பங்கின் முடிவு விலை என்பது கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை அன்று. பிற்பகல் 3 மணி முதல் 3.30 வரை நடந்த எல்லா வியாபாரத்தின் சராசரி அது. அதிகப் பங்குகள் கைமாறிய விலைக்கு அதிக எடை.

ஒரு கற்பனைப் பங்கை வைத்துக் கணக்குப் போடலாம். காலையில் 212 ரூபாயில் தொடங்கியது. கடைசி அரை மணியில் 40,000 பங்குகள் 210 ரூபாய்க்குக் கைமாறின. இறுதி இரண்டு நிமிடங்களில் யாரோ அவசரமாக வாங்க, 10,000 பங்குகள் 214 ரூபாய்க்குப் போயின. திரையில் கடைசியாக நின்ற விலை 214. தொடக்கத்தைவிட அதிகம், எனவே பச்சை. ஆனால் சராசரி 210 ரூபாய் 80 காசு. தொடக்கத்தைவிடக் குறைவு, எனவே சந்தை அதிகாரப்பூர்வமாக அறிவிக்கும் முடிவை வைத்து வரைந்தால் சிவப்பு. சில செயலிகள் கடைசி விலையிலேயே நின்றுவிடும், சில அதிகாரப்பூர்வ விலைக்கு மாறிக்கொள்ளும். ஒரே பங்கு, ஒரே நாள், இரண்டு கைபேசியில் இரண்டு நிறம் வருவதற்குக் காரணம் இதுதான். முடிவு விலையையும் ஏலம் வழியாகத் தீர்மானிக்கும் யோசனையைப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2025-இல் முன்வைத்தது. எந்த முறை இருந்தாலும், 3.29 மணிக்குத் தெரியும் நிறத்தை நம்பி அவசரமாக வாங்குவது எனக்கு உடன்பாடில்லாத பழக்கம். உடல் மெல்லியதாக இருக்கும் நாளில் அந்த நிறத்துக்கு மதிப்பே கிடையாது.

இனி திரிகள். அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டும் நாளின் எல்லைகள். ஆனால் எது முதலில் வந்தது என்று நாள் மெழுகுவர்த்தி சொல்லாது. வேலூரில் அதிகபட்சம் 41 டிகிரி, குறைந்தபட்சம் 28 டிகிரி என்று வானிலைச் செய்தி வந்தால் எது பிற்பகல், எது விடியற்காலை என்று நமக்கே தெரியும். பங்குக்கு அப்படி நேரம் காலம் கிடையாது. காலையில் இறங்கி மாலையில் ஏறியதும், காலையில் ஏறி இறங்கி மறுபடி கொஞ்சம் மீண்டதும் ஒரே உருவத்தில் முடியலாம். வரிசை தெரிய வேண்டுமானால் அதே நாளை ஐந்து நிமிட வரைபடத்தில் திறந்து பார்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, அந்த உச்ச விலையில் எத்தனை பங்குகள் கைமாறின என்பதைத் திரி காட்டாது. ஒரே ஒரு பங்கு விற்றாலும் போதும், அது அன்றைய அதிகபட்சமாகப் பதிவாகிவிடும்.

வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் இதை வைத்துத்தான் விளையாடுகிறார்கள். கொணவட்டத்தில் கடை வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் அப்படி வந்த படத்தைக் காட்டினார். அதிகம் பேர் வாங்காத சிறு நிறுவனம். முந்தைய முடிவு 140 ரூபாய், அன்றைய உச்சம் 160, முடிவு 143. படத்தின் கீழே, '160 தொட்ட பங்கு, நாளை வாய்ப்பை விடாதீர்கள்' என்று எழுதியிருந்தது. "அண்ணா, 160 வரை போன விலை மறுபடி போகாதா?" என்று கேட்டார்.

ஐந்து நிமிட வரைபடத்தைத் திறந்து, 160 தொட்ட அந்தக் கட்டத்தின் கீழே உள்ள வர்த்தக அளவைப் பார்த்தோம். அந்த ஐந்து நிமிடத்தில் மொத்தமாகக் கைமாறியது ஐம்பதுக்கும் குறைவான பங்குகள். விற்பனைக்கு அதிகம் பேர் இல்லாத நேரத்தில், விலை குறிப்பிடாமல் ஒருவர் வாங்கச் சொன்னாலே இப்படி ஒரு திரி முளைத்துவிடும். வேண்டுமென்றேகூட முளைக்க வைக்கலாம். எட்டாயிரம் ரூபாய்க்குள் முடிகிற வேலை. அந்த நாளின் மற்ற வியாபாரமெல்லாம் 139-க்கும் 144-க்கும் இடையில்தான் நடந்திருந்தது. அங்கே இரண்டாயிரம் பங்குகள் வைத்திருப்பவர் 160-க்கு விற்றிருக்கவே முடியாது.

நீண்ட மேல் திரி என்றால் அந்த விலையில் விற்பனை அழுத்தம் வந்தது என்று பாடம் எடுப்பார்கள். நிறைய வர்த்தகம் நடக்கும் பெரிய நிறுவனங்களிலும் நிஃப்டியிலும் அதற்கு அர்த்தம் உண்டு. ஜூலை 31-ஐ நான் அப்படித்தான் படித்தேன். சிறு பங்கில் அதே பாடத்தைப் பொருத்தினால் யாரோ ஒருவரின் தவறான ஆர்டரைச் சந்தையின் கருத்தாக எடுத்துக்கொள்வோம்.

ஒரு சிறு எச்சரிக்கை, போனஸ் பங்கு அறிவித்த நிறுவனங்களின் பங்குகளை வைத்திருப்பவர்களுக்கு. ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தால் 800 ரூபாய்ப் பங்கு, யாருக்குப் போனஸ் என்று தீர்மானிக்கும் தகுதி நாளன்று 400 அருகில் தொடங்கும். வைத்திருப்பவருக்குப் பங்குகள் இரட்டிப்பாவதால் நஷ்டம் எதுவும் இல்லை. நல்ல வரைபடங்கள் பழைய விலைகளையும் பாதியாக்கிச் சரிசெய்துவிடும். சரிசெய்யாதவற்றில் பாதாளத்தில் விழுந்தது போல ஓர் இடைவெளி தெரியும். புதிய பங்குகள் கணக்கில் வந்து சேர ஓரிரு நாள் ஆகலாம் என்பதால் செயலியில் மொத்த மதிப்பும் பாதியாகத் தெரியும். அந்த நேரத்தில் விற்பனைப் பொத்தானைத் தொடுவதற்கு முன், சந்தையின் இணையதளத்தில் அந்த நிறுவனத்தின் பெயருக்குக் கீழே உள்ள Corporate Actions பகுதியைத் திறந்து தேதியைப் பாருங்கள்.