ரெசிஸ்டரைக் கூட்டினால் இரைச்சல் கூடுமா, குறையுமா?

"போட்டோடயோடு சர்க்யூட்டில் 1 மெகா ஓம் ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு 10 மெகா ஓம் போட்டேன். வெளியீட்டைப் பெருக்கி ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் கோடு முன்பைவிட ஐந்து மடங்கு தடித்திருக்கிறது. பழைய ரெசிஸ்டருக்கே திரும்பிவிடவா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வேண்டாம். இரைச்சல் ஐந்து மடங்குதான் கூடியது. சிக்னல் பத்து மடங்கு கூடியிருக்கிறது.

டயோடில் ஒளி பட்டால் மின்னோட்டம் வரும். ஓப்-ஆம்ப்பின் பின்னூட்ட ரெசிஸ்டர் அதை வோல்ட்டேஜ் ஆக்கும். மின்னோட்டம் 10 நானோ ஆம்பியர், இரைச்சலுக்கான அலைப்பட்டை அகலம் 10 கிலோ ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் ரெசிஸ்டரின் வெப்ப இரைச்சல். வெப்பத்தால் எலக்ட்ரான்கள் ஓயாமல் தள்ளாடுவதால், எதனோடும் இணைக்காமல் மேசைமேல் கிடக்கும் ரெசிஸ்டரின் முனைகளுக்கிடையிலும் சிறு வோல்ட்டேஜ் துடித்துக்கொண்டே இருக்கும். பெல் ஆய்வகத்தில் ஜான்சன் இதை அளந்தார், நைக்விஸ்ட் விளக்கினார். இருவரின் கட்டுரைகளும் 1928இல் வெளிவந்தன. அளவு `√(4kTRB)`; k போல்ட்ஸ்மன் மாறிலி, T கெல்வினில் வெப்பநிலை, R ரெசிஸ்டரின் மதிப்பு, B அலைப்பட்டை அகலம். சிக்னல் R-ஐப் பொறுத்து ஏறுகிறது, இரைச்சல் R-இன் வர்க்கமூலத்தைப் பொறுத்துத்தான் ஏறுகிறது. மின்னோட்டமாக மாற்றிப் பார்த்தால், அறை வெப்பநிலையில் 1 மெகா ஓமுக்கு 12.9 பிகோ ஆம்பியர், 10 மெகா ஓமுக்கு 4.1. (இரைச்சலே இல்லாத ரெசிஸ்டர் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். கார்பன் ரெசிஸ்டரில் மின்னோட்டம் பாயும்போது கூடுதலாக வரும் இரைச்சலைத்தான் நல்ல தயாரிப்பால் குறைக்க முடியும். வெப்ப இரைச்சல் எந்தப் பிராண்டுக்கும் பணியாது.)

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த ஷாட் இரைச்சல். 1918இல் வெற்றிடக் குழாய்களை ஆராய்ந்தபோது ஷாட்கி கண்டு சொன்னது. இதற்குச் சூத்திரமே வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும். 10 கிலோ ஹெர்ட்ஸ் அகலமுள்ள சர்க்யூட், ஏறத்தாழ 50 மைக்ரோ விநாடிக்கு ஒரு புது மதிப்பைத்தான் காட்ட முடியும். அந்தச் சிறு நேரத்தில் 10 நானோ ஆம்பியரில் டயோடின் சந்தியைக் கடப்பவை சுமார் 31 லட்சம் எலக்ட்ரான்கள். ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குக் கடக்கிறது. முந்தையது எப்போது போனது என்று அடுத்ததற்குத் தெரியாது. அப்படி வருபவற்றை எண்ணினால் எண்ணிக்கை அதன் வர்க்கமூலம் அளவுக்கு முன்னே பின்னே இருக்கும். 31 லட்சத்தின் வர்க்கமூலம் ஏறக்குறைய 1770. ஆக, மின்னோட்டத்தில் 1770-இல் ஒரு பங்கு ஆட்டம், அதாவது 5.7 பிகோ ஆம்பியர். q எலக்ட்ரானின் மின்னூட்டம், I மின்னோட்டம் என்று `√(2qIB)` சூத்திரத்தில் போட்டாலும் இதே விடைதான்.

சரி, அதே எலக்ட்ரான்கள்தானே ரெசிஸ்டர் வழியாகவும் போகின்றன, அங்கே ஏன் ஷாட் இரைச்சல் இல்லை? சந்தியில் ஒரே தாவல். ரெசிஸ்டரிலோ ஒரு முனையிலிருந்து மறுமுனை போவதற்குள் ஒவ்வொரு எலக்ட்ரானும் எண்ணற்ற தடவை மோதுகிறது. ஓரிடத்தில் கூட்டம் சேர்ந்தால் அந்த மின்னூட்டமே பின்னால் வருவதைத் தள்ளி நிறுத்துகிறது. தனித்தனிப் போக்கு அதற்குள் கரைந்துவிடுகிறது. மிஞ்சுவது வெப்பத் தள்ளாட்டம் மட்டுமே.

இரண்டு இரைச்சலுக்கும் தொடர்பில்லாததால் வர்க்கங்களைத்தான் கூட்ட வேண்டும். 1 மெகா ஓமில் 12.9-உம் 5.7-உம் சேர்ந்து 14.1 பிகோ ஆம்பியர். சிக்னல் இரைச்சலைப்போல் 710 மடங்கு, 57 டெசிபல். 10 மெகா ஓமில் 4.1-உம் 5.7-உம் சேர்ந்து 7.0; 1430 மடங்கு, 63 டெசிபல். வோல்ட்டேஜாகப் பார்த்தால் இரைச்சல் 14 மைக்ரோ வோல்ட்டிலிருந்து 70-க்குப் போயிருக்கிறது. வாசகர் பார்த்த ஐந்து மடங்கு அதுதான்.

டயோடைக் கறுப்புத் துணியால் மூடி இதைச் சோதிக்கலாம். மூடினால் ஷாட் இரைச்சல் போய்விடும். 1 மெகா ஓமில் கோடு ஒரு பத்து சதவீதம்கூட மெலியாது; 10 மெகா ஓமில் நாற்பது சதவீதம் மெலியும். மெலியவே இல்லை என்றால் ஓப்-ஆம்ப்பின் சொந்த இரைச்சலைச் சந்தேகியுங்கள். கோடு சீரான அலையாகத் தெரிந்தால் அது இந்த இரைச்சலே இல்லை, மின் கம்பியிலிருந்து புகுந்தது. ஒளிக்கு பேட்டரியில் எரியும் எல்இடி வையுங்கள்.

ஒரு சிக்கல் உண்டு. அகலத்தை 10 கிலோ ஹெர்ட்ஸாகவே வைக்க, ரெசிஸ்டருக்கு இணையாக இருக்கும் கெப்பாசிட்டரை 25 பிகோ ஃபாரடிலிருந்து 2.5-க்குக் குறைக்க வேண்டும். மறந்தால் அகலமும் பத்தில் ஒன்றாகி, இரைச்சல் குறைந்த மாதிரி ஏமாற்றும்.

அப்புறம் 100 மெகா ஓம் போடலாமா என்றால், சிக்னல் இரைச்சலைப்போல் 1720 மடங்குதான் கிடைக்கும். எவ்வளவு ஏற்றினாலும் 1770-ஐத் தாண்டாது. அதற்கு மேல் வேண்டுமானால் ஒளியைக் கூட்ட வேண்டும், அல்லது இன்னும் நிதானமாக அளக்க வேண்டும்.